காட்சி 14, அப்பா-மகள் பேச்சு: லைட்டிங் பிளான்

ஜன்னல்தான் மகளுக்கு முக்கிய வெளிச்சம். கிழக்குப் பார்த்தது, அதனால் மாலையில் நேர் வெயில் விழாது. மெல்லிய வெள்ளைத் திரை போட்டே இருக்கட்டும். அவளை மூன்றடி தள்ளிப் பக்கவாட்டில் உட்கார வைத்து, கேமராவை முகத்தின் நிழல் பக்கம் வைக்கிறோம்.

அப்பாவுக்கு டேபிள் லேம்ப் மட்டும், 2700 கெல்வின் எல்இடி பல்பு. ஷேடுக்குள் கேமரா பார்க்கும் பக்கம் மட்டும் ஒரு தாள் ஒட்டுங்கள். ஷேடு வெளுத்துப் போகாது, ஆனால் அவர் முகத்துக்குப் போகும் வெளிச்சம் குறையாது. ஒயிட் பேலன்ஸ் 4300, ஆக அவள் லேசான நீலத்தில், அவர் மஞ்சளில். இருவருக்கும் உள்ள விலகலை இந்த நிறமே சொல்லட்டும், தயவுசெய்து கலரிங்கில் சமப்படுத்த வேண்டாம்.

பின் மூலையில் ஸ்டாண்ட் லேம்ப், மங்கலாக. சீலிங் லைட் கிடையாது.

டிம்மர் வேண்டாம், ஃப்ளிக்கர் வரலாம். குறைந்த வாட் பல்பு மாற்றுவோம். 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50.

4:30-க்கு வைடு, உடனே மகளின் க்ளோசப். அப்பாவின் க்ளோசப் கடைசியில், ஏனென்றால் ஜன்னல் மங்கினாலும் லேம்ப் மாறாது.