தரவுப் பிரித்தெடுப்பு அட்டவணையும் சார்பு அபாயக் குறிப்புகளும்: இதய நோய் இல்லாதோருக்குத் தினசரி ஆஸ்பிரின்

மறுஆய்வின் கேள்வி: இதுவரை மாரடைப்போ பக்கவாதமோ வராத பெரியவர்களுக்குத் தினமும் 100 மி.கி. அல்லது அதற்குக் குறைவாக ஆஸ்பிரின் கொடுத்தால், பிளாசிபோவோடு அல்லது ஆஸ்பிரின் இல்லாத நிலையோடு ஒப்பிடும்போது, பெரிய இதய-ரத்தநாள நிகழ்வுகள் குறைகின்றனவா? அதற்கு ஈடாக ரத்தக்கசிவு எவ்வளவு கூடுகிறது?

2000க்குப் பிறகு வெளியான, சமவாய்ப்பு முறையில் ஒதுக்கிய ஆறு ஆய்வுகள் இதில் உள்ளன. 2005இல் வந்த மகளிர் நல ஆய்வு 39,876 பேர் கொண்ட பெரிய ஆய்வுதான்; ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து என்பதால் தகுதி விதிக்குள் வரவில்லை. ஒவ்வொரு ஆய்வையும் இருவர் தனித்தனியே படித்துப் பிரித்தெடுத்தோம். எண்கள் எல்லாம் ஒதுக்கிய குழுப்படியே எண்ணிய பகுப்பாய்விலிருந்து எடுத்தவை. அடைப்புக்குள் இருப்பது 95% நம்பக இடைவெளி.

அட்டவணை 1. ஆய்வுகளின் விவரம்

| ஆய்வு, ஆண்டு | யார் | ஆஸ்பிரின் / ஒப்பீடு | வடிவம் | பின்தொடர்ந்த காலம் |
|---|---|---|---|---|
| பிபிபி, 2001 | குறைந்தது ஓர் ஆபத்துக் காரணி உள்ளவர்கள் | 2,226 / 2,269 | திறந்தது, 100 மி.கி.; வைட்டமின் ஈ-யும் சேர்ந்த 2×2 | சராசரி 3.6 ஆண்டு |
| ஜேபேட், 2008 | ஜப்பானில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் | 1,262 / 1,277 | திறந்தது, 81 அல்லது 100 மி.கி. | இடைநிலை 4.37 ஆண்டு |
| ஜேபிபிபி, 2014 | ஜப்பானில் 60–85 வயது, ஆபத்துக் காரணி உள்ளவர்கள் | 7,220 / 7,244 | திறந்தது, 100 மி.கி. | இடைநிலை 5.02 ஆண்டு |
| அசெண்ட், 2018 | நீரிழிவு உள்ளவர்கள் | 7,740 / 7,740 | பிளாசிபோ, 100 மி.கி.; ஒமேகா-3-யும் சேர்ந்த 2×2 | சராசரி 7.4 ஆண்டு |
| அரைவ், 2018 | நடுத்தர ஆபத்து, நீரிழிவு இல்லாதவர்கள் | 6,270 / 6,276 | பிளாசிபோ, 100 மி.கி. | இடைநிலை 60 மாதம் |
| ஆஸ்ப்ரீ, 2018 | பெரும்பாலும் 70 வயதும் அதற்கு மேலும் | 9,525 / 9,589 | பிளாசிபோ, 100 மி.கி. | இடைநிலை 4.7 ஆண்டு |

அட்டவணை 2. விளைவுகள்

| ஆய்வு | இதய-ரத்தநாளக் கூட்டு விளைவு | ரத்தக்கசிவு |
|---|---|---|
| பிபிபி | 45 / 64, 0.71 (0.48–1.04) | கடுமையானது 1.1% / 0.3% |
| ஜேபேட் | 68 / 86, 0.80 (0.58–1.10) | ரத்தக்கசிவுப் பக்கவாதமும் பெரிய இரைப்பை-குடல் கசிவும் சேர்த்து: புள்ளியியல் வேறுபாடு இல்லை |
| ஜேபிபிபி | 193 / 207, 0.94 (0.77–1.15) | மண்டையோட்டுக்கு வெளியே, ரத்தம் ஏற்றவோ மருத்துவமனையில் சேர்க்கவோ நேர்ந்தது: 1.85 (1.22–2.81) |
| அசெண்ட் | 658 / 743, 0.88 (0.79–0.97) | பெரியது 314 / 245, 1.29 (1.09–1.52) |
| அரைவ் | 269 / 281, 0.96 (0.81–1.13) | இரைப்பை-குடல் 61 / 29, 2.11 (1.36–3.28) |
| ஆஸ்ப்ரீ | 0.89 (0.77–1.03), கீழே குறிப்பு பார்க்க | பெரியது 361 / 265, 1.38 (1.18–1.62) |

ரத்தக்கசிவுப் பத்தியை மேலிருந்து கீழாகப் படித்து ஒப்பிட வேண்டாம். ஒவ்வொரு ஆய்வும் அதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. அரைவ் எண்ணில் லேசான கசிவுகளும் அடங்கும். அதனால்தான் அந்த 2.11 மற்றதைவிட எடுப்பாகத் தெரிகிறது.

கூட்டு விளைவிலும் இதே சிக்கல்தான். நமக்கு வேண்டியது இதயநோய் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும். ஜேபிபிபியும் பிபிபியும் அப்படியே தருகின்றன. அரைவ் நிலையற்ற நெஞ்சுவலியையும் தற்காலிக மூளை ரத்தக்குறையையும் சேர்த்துக்கொள்கிறது. ஆஸ்ப்ரீயில் முதலில் கண்ணில் படுவது 0.95 (0.83–1.08), அதில் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்ததும் அடக்கம், மற்ற எந்த ஆய்விலும் அது இல்லை. அதே கட்டுரையில் தனியாக உள்ள 0.89ஐ எடுத்தோம். அதிலும் ஒரு குறை: பக்கவாதத்தில் ரத்த அடைப்பால் வந்தது மட்டும் கணக்கு, கசிவால் வந்தது வெளியே. இரண்டில் நம் வரையறைக்கு நெருக்கமானது இது என்பதால் இதையே வைத்திருக்கிறோம். உணர்திறன் பகுப்பாய்வில் 0.95ஐ மாற்றிப்போட்டுப் பார்க்க வேண்டும்.

சார்பு அபாயம் (ராப் 2, ஒதுக்கீட்டின் பலன் அடிப்படையில்)

ஓர் ஆய்வுக்கு ஒரே தீர்ப்பு என்று போடவில்லை, விளைவுவாரியாகப் போட்டிருக்கிறோம். திறந்த ஆய்வில் மரணத்தை யாரும் திரித்து எண்ண முடியாது. மலத்தில் ரத்தம் போனதைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும், தான் ஆஸ்பிரின் எடுக்கிறோம் என்ற நினைப்பைப் பொறுத்தது.

| ஆய்வு | எந்த உயிரிழப்பும் | கூட்டு விளைவு | ரத்தக்கசிவு |
|---|---|---|---|
| பிபிபி | குறைவு | ஓரளவு கவலை | அதிகம் |
| ஜேபேட் | ஓரளவு கவலை | அதிகம் | அதிகம் |
| ஜேபிபிபி | குறைவு | ஓரளவு கவலை | அதிகம் |
| அசெண்ட் | குறைவு | குறைவு | குறைவு |
| அரைவ் | குறைவு | குறைவு | குறைவு |
| ஆஸ்ப்ரீ | குறைவு | குறைவு | குறைவு |

பிபிபி: மற்ற ஆய்வுகளின் முடிவு ஆஸ்பிரினுக்குச் சாதகமாக வந்ததும் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. ராப் 2இல் இதற்கென்று தனிக் களம் கிடையாது, எனவே தீர்ப்பில் இது ஏறவில்லை. ஆனால் 0.71 என்ற மதிப்பை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். மொத்தம் 109 நிகழ்வுகள்தான்.

ஜேபேட்: நிகழ்வுகளை முடிவு செய்த குழுவுக்கு யார் எந்தப் பக்கம் என்று தெரியாது. அது நல்லதுதான். ஆனால் எந்த நிகழ்வு அந்தக் குழுவின் மேசைக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்த மருத்துவருக்குத் தெரியும். கூட்டு விளைவில் புதிதாக வந்த நெஞ்சுவலியும் உண்டு என்பதால் நான்காம் களத்தில் 'அதிகம்' போட்டோம். பின்தொடர்தலில் 193 பேர் நழுவியிருக்கிறார்கள். 154 நிகழ்வுகள் உள்ள ஆய்வுக்கு இது சிறிய எண் இல்லை, உயிரிழப்புக்கும் 'ஓரளவு கவலை' வந்தது இதனால்தான். இதய, மூளை ரத்தநாள மரணம் 1க்கு 10 என்று கட்டுரை சொல்வது ஆளை இழுக்கும் எண். மொத்தமே 11 மரணங்கள், அட்டவணையில் ஏற்றவில்லை.

ஜேபிபிபி: பலன் காட்ட வாய்ப்பில்லை என்று நிறுத்தப்பட்டது. ஐந்தாம் ஆண்டில் ஆஸ்பிரின் குழுவில் 76% பேர் எடுத்துக்கொண்டிருந்தார்கள், மறுபக்கத்தில் 9.8% பேர் தாங்களாகவே தொடங்கியிருந்தார்கள். நாம் மதிப்பிடுவது ஒதுக்கீட்டின் பலன் என்பதால் இதைத் தனியே குற்றமாக எண்ணவில்லை. அன்றாட மருத்துவத்திலும் நடப்பதுதான்.

அசெண்ட்: தற்காலிக மூளை ரத்தக்குறை இடையில் முதன்மை விளைவில் சேர்க்கப்பட்டது. அப்போது மறைப்பு நீங்கியிருக்கவில்லை, ஐந்தாம் களத்தில் 'குறைவு' என்றே விட்டோம்.

அரைவ்: இங்கேதான் நாங்கள் இருவரும் முரண்பட்டோம். மாரடைப்புக்கு ஒதுக்கீட்டுப்படி 0.85 (0.64–1.11), நெறிமுறையைக் கடைப்பிடித்தவர்களில் மட்டும் 0.53 (0.36–0.79). இரண்டாம் வாசகர் "0.53தான் மருந்து உண்மையில் செய்ததைக் காட்டுகிறது, அதையும் ஒரு பத்தியாகப் போடலாமே" என்றார். மாத்திரையை விடாமல் எடுத்தவர்கள் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருக்கக்கூடியவர்கள். அந்த வேறுபாடு மருந்தினுடையது என்று சொல்ல முடியாது. பத்தியில் இல்லை, இந்தக் குறிப்பில் மட்டும் இருக்கட்டும் என்று முடிவானது. நிதி பேயர் நிறுவனத்தினுடையது. ராப் 2இல் அதற்கு இடமில்லை என்பதால் விவரப் பதிவில் சேர்த்தாயிற்று.

ஆஸ்ப்ரீ: முதன்மை விளைவு ஊனமோ மறதிநோயோ இல்லாமல் உயிர்வாழ்தல். நமக்கு வேண்டியது இரண்டாம் நிலை விளைவு. முன்கூட்டியே அறிவித்ததுதான், சிக்கலில்லை. எல்லாக் காரண உயிரிழப்பு 1.14 (1.01–1.29) என்று வந்திருப்பதைச் சேர்ப்பாய்வில் கண்டிப்பாக உள்ளே வைக்க வேண்டும், மற்ற ஆய்வுகளோடு ஒத்துப்போகாவிட்டாலும்.

சேர்ப்பாய்வு: கூட்டு விளைவுக்கு ஆறும் போகும். ரத்தக்கசிவுக்கு முதன்மைக் கணக்கு பிளாசிபோ ஆய்வுகள் மூன்றும் மட்டும். ஜேபிபிபியையும் பிபிபியையும் சேர்த்தது இரண்டாவதாக வரும். ஜேபேடின் கசிவுக்குச் சேர்க்கத்தக்க எண் இந்த அட்டவணையில் இல்லை, எழுத்தில் மட்டும் சொல்லப்படும்.