பிப்ரவரி முதல் வாரத்தில் உங்கள் கல்லூரியில் கேம்பஸ் இன்டர்வியூ: 24 இடங்கள்

பிளேஸ்மென்ட் ஆபீசர் சார், வணக்கம்.

கோயம்புத்தூர் அரசூரில் இருக்கும் எங்கள் பம்ப் மோட்டார் கம்பெனியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பாலிடெக்னிக்கில் படித்து வந்த இரண்டு பையன்கள் எங்கள் மெஷின் ஷாப்பில் நன்றாக வேலை செய்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் இந்த முறை நேராக உங்கள் கேம்பஸுக்கே வந்து ஆள் எடுக்கலாம் என்று முடிவு செய்தோம்.

மொத்தம் 24 பேர் வேண்டும். டிப்ளமோ மெக்கானிக்கலில் 10 பேர் சிஎன்சி பிரிவுக்கு, டிப்ளமோ ட்ரிபிள் இ-யில் 6 பேர் வைண்டிங், டெஸ்டிங் பிரிவுகளுக்கு. இன்ஜினியரிங் பக்கம் பிஇ மெக்கானிக்கலில் 4 பேர், குவாலிட்டிக்கு இரண்டு, டிசைனுக்கு இரண்டு. மீதி 4 இடம் ஃபீல்டு சர்வீஸ். அதற்கு டிப்ளமோவோ டிகிரியோ எதுவானாலும் சரி, ஆனால் டூவீலர் லைசென்ஸ் இருக்க வேண்டும், ஈரோடு, திண்டுக்கல் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் போய் போர்வெல் மோட்டார் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும். அது வெயிலில் அலையும் வேலை, அதை மாணவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சம்பளத்தை சிடிசி கணக்கில் சொல்லி ஆசை காட்ட எனக்கு விருப்பமில்லை. டிப்ளமோவுக்கு மாதம் 17,000, பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் போகக் கைக்கு 15,300 அளவில் வரும். பிஇ-க்கு 22,000, கைக்கு 20,000 சொச்சம். சர்வீஸ் ஆட்களுக்குப் பெட்ரோல், பேட்டா தனி. கேன்டீன் உண்டு, ஹாஸ்டல் கிடையாது, வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ரூம் பார்த்துக் கொடுக்க உதவுவோம். பாண்ட் எதுவும் இல்லை, ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கமும் இல்லை, சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவோம். வீட்டில் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

மார்க்குக்கு கட் ஆஃப் வைக்கவில்லை. இரண்டு அரியர் வரை இருந்தாலும் வரலாம், ஆனால் மறைக்கக் கூடாது. ஆப்டிட்யூட் டெஸ்ட், குரூப் டிஸ்கஷன் எல்லாம் எங்கள் வேலைக்குத் தேவையில்லை. மெக்கானிக்கல் மாணவர்களிடம் ஒரு டிராயிங்கையும் எங்கள் ஷாஃப்டையும் கையில் கொடுப்போம், வெர்னியரிலும் மைக்ரோமீட்டரிலும் அளந்து, டிராயிங்கில் உள்ள டாலரன்ஸுக்குள் இருக்கிறதா, பாஸா ரிஜெக்டா என்று சொல்ல வேண்டும். ட்ரிபிள் இ மாணவர்களுக்கு ஒரு சிங்கிள் ஃபேஸ் சப்மெர்சிபிள் மோட்டார். மூன்று ஒயரில் எது காமன், எது ஸ்டார்ட், எது ரன் என்று மல்டிமீட்டரை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதிக ஓம்ஸ் காட்டும் இரண்டு முனையைப் பிடித்தால் மிச்சமிருப்பது காமன், அவ்வளவுதான் விஷயம். இதை முன்கூட்டியே மாணவர்களிடம் சொல்லிக் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஏனென்றால் லேபில் மீட்டரைத் தொட்டுப் பழகியவனை அதைப் பிடிக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். அதன்பிறகு பத்து நிமிடம் நேர்காணல், தமிழிலேயே பேசலாம்.

பெண் பிள்ளைகளை அவசியம் அனுப்புங்கள். எங்கள் டெஸ்டிங் பிரிவில் இப்போதே பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஜெனரல் ஷிஃப்ட் மட்டும்தான். மெஷின் ஷாப் ஆண்களுக்கு மூன்று ஷிஃப்டும் சுற்றி வரும்.

தேதி 2026 பிப்ரவரி 4, புதன்கிழமை. அன்று தோதுப்படாவிட்டால் மறுநாள் வியாழன். ஜனவரி கடைசி வாரத்தை வேண்டுமென்றே தவிர்த்தேன், பிப்ரவரி 1 தைப்பூசம், அதுவரை உடுமலை ரோடு முழுக்கப் பழனி பாதயாத்திரைக் கூட்டமாக இருக்கும், மோட்டாரை ஏற்றிக்கொண்டு வேனில் நேரத்துக்கு வந்து சேர முடியாது. காலை 9 மணிக்கு வந்துவிடுவோம், நாங்கள் ஐந்து பேர். முதலில் அரை மணி நேரம் கம்பெனியைப் பற்றிப் பேச புரொஜெக்டரோடு ஒரு ஹால், அப்புறம் மெட்ராலஜி லேப், எலெக்ட்ரிகல் மெஷின்ஸ் லேப், நேர்காணலுக்கு இரண்டு அறைகள் வேண்டும். மாலை 5 மணிக்குள் தேர்வானவர்கள் பட்டியலை உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவோம், ஆஃபர் லெட்டர் ஒரு வாரத்தில் வரும். சால்வை, பூங்கொத்து எல்லாம் தயவுசெய்து வேண்டாம் சார், மதியச் சாப்பாடு உங்கள் மெஸ்ஸிலேயே போதும்.

டிப்ளமோ ஆட்கள் ஜூன் 15-ல் சேரலாம், பிஇ ஆட்கள் ஜூலை 1-ல். ரிசல்ட் தாமதமானால் வந்த பிறகு சர்டிபிகேட் கொடுத்தால் போதும்.

எந்தத் தேதி என்பதை ஜனவரி 9-க்குள் இந்த மெயிலுக்கே பதிலாகப் போட்டுவிடுங்கள். பெயர், பிரிவு, அரியர் விவரம், எந்த வேலைக்கு விருப்பம் என்ற நான்கு காலத்தோடு ஒரு எக்ஸெல் ஷீட் ஜனவரி 23-க்குள் வந்தால் நல்லது, ரெஸ்யூமே வேண்டாம். நூறு பேருக்கு மேல் பெயர் கொடுத்தால் சொல்லுங்கள், இன்னொரு செட் மோட்டாரும் கூட இரண்டு ஆட்களும் கொண்டு வருகிறேன்.

நன்றி சார்.

எச்ஆர் மேனேஜர்
அரசூர், கோயம்புத்தூர்