சாட், போட்டோ, நீக்கிய கணக்கு: தகவல் சேமிப்பு விதிகள்

நடைமுறைக்கு வரும் நாள்: 2026 மார்ச் 1. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் எங்கள் டேட்டிங் செயலியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் இது பொருந்தும். தமிழில் எழுதிய இந்த வடிவமே மூலம்.

1. ஏன் இவ்வளவு கறார்

சத்துவாச்சாரியில் இருக்கும் ஒருவர் காட்பாடியில் இருக்கும் ஒருவரோடு பேச ஆரம்பித்தால், இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். ஆம்பூரில் ஷூ கம்பெனி வேன் எந்தத் தெருமுனையில் நிற்கும் என்பது தெருவுக்கே தெரியும். இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு சாட் வெளியே வந்தால், அதை எழுதியவர் வீட்டிலும் வேலையிலும் பதில் சொல்ல வேண்டிவரும். ஆணவக் கொலை வரை போன கதைகள் இந்த மாநிலத்தில் உண்டு. அதனால் நாங்கள் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: வைத்திருக்கக் காரணம் சொல்ல முடியாத தகவலை வைத்திருக்க மாட்டோம். சட்டம் வைக்கச் சொல்வதை எதற்கு, எவ்வளவு நாள் என்று கீழே சொல்லியிருக்கிறோம்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தகவலை வாங்கிய நோக்கம் முடிந்ததும் அழிக்கச் சொல்கிறது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப இடைநிலையாளர் விதிகளும், 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவும் சிலவற்றைக் குறிப்பிட்ட காலம் வைக்கச் சொல்கின்றன. இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில்தான் கீழே உள்ள கெடுக்கள் அமைந்திருக்கின்றன.

2. சாட்

உங்கள் மெசேஜ் எங்கள் சர்வரில் பூட்டிய வடிவத்தில் இருக்கும். ஆனால் பூட்டின் சாவி எங்களிடமும் இருக்கிறது. இதை மறைக்காமல் சொல்கிறோம், ஏனென்றால் "யாருமே படிக்க முடியாது" என்று நம்பி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊழியர் ஒருவர் சாட்டைத் திறக்க இரண்டே வழி: நீங்கள் புகார் கொடுக்க வேண்டும், அல்லது சட்டப்படியான எழுத்து உத்தரவு வர வேண்டும். திறந்தவர் யார், எப்போது, எதற்காக என்பது தனிப் பதிவேட்டில் ஏறும். அந்தப் பதிவைத் திறந்தவரால் அழிக்க முடியாது.

மேட்சில் இருவரும் இருக்கும்வரை சாட் இருக்கும். 12 மாதம் இரண்டு பக்கமும் ஒரு மெசேஜும் போகாவிட்டால் அழித்துவிடுவோம். அழிப்பதற்கு 48 மணி நேரம் முன்பு செயலிக்குள் மட்டும் தெரிவிப்போம். எஸ்எம்எஸ் அனுப்ப மாட்டோம், வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் போன் எத்தனையோ. இதே காரணத்துக்காக நோட்டிபிகேஷனில் அனுப்பியவரின் பெயரோ மெசேஜின் வரியோ வராது, "புதிய தகவல்" என்று மட்டுமே வரும்.

ஒருவர் மேட்சை விலக்கினால் சாட் இருவர் திரையிலிருந்தும் அந்த நொடியே மறையும். சர்வரில் மட்டும் 30 நாள் இருக்கும். இந்த 30 நாள் மிரட்டப்பட்டவருக்காக. அசிங்கமாக எழுதிவிட்டு உடனே மேட்சை விலக்கி ஆதாரத்தை மறைப்பது வழக்கமான தந்திரம். 31ஆம் நாள் புகார் வந்தால் எங்களிடம் எதுவும் இருக்காது, ஆகவே தயங்காமல் முன்பே சொல்லுங்கள்.

புகார் வந்த சாட்டில், புகாரில் குறித்த மெசேஜும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள 50 மெசேஜும் தனியே எடுத்து வைக்கப்படும். புகார் முடிந்த நாளிலிருந்து 180 நாள் வைப்போம். போலீஸ் வழக்காகப் போனால் அவர்கள் எழுத்தில் கேட்கும் காலம் வரை வைப்போம். சாட்டின் மற்ற பகுதி வழக்கமான கெடுவிலேயே அழியும்.

ஒரு மெசேஜை மட்டும் அழிக்க "இருவருக்கும் அழி" என்பதை அழுத்தலாம், எத்தனை நாள் கழித்தும் முடியும். எதிரில் இருப்பவரின் அனுமதி தேவையில்லை. ஆனால் அவர் அதை ஏற்கெனவே படம் எடுத்து வைத்திருந்தால் எங்கள் கை அங்கே எட்டாது. செயலிக்குள் ஸ்கிரீன்ஷாட்டைத் தடுத்திருக்கிறோம், இன்னொரு போனின் கேமராவை எங்களால் தடுக்க முடியாது.

3. போட்டோ

போட்டோ எங்கள் சர்வருக்கு வந்ததும் முதல் வேலை, அதற்குள் ஒளிந்திருக்கும் இடக் குறிப்பையும் எடுத்த நேரத்தையும் போன் மாடலையும் நீக்குவது. அந்தக் குறிப்பு உள்ள மூலப்படத்தைச் சேமிப்பதில்லை. படத்துக்குள் தெரிவதை இது மறைக்காது: கழுத்தில் தொங்கும் கம்பெனி அடையாள அட்டை, பின்னால் தெரியும் விடுதிப் பலகை, வண்டி நம்பர். புரொபைல் போட்டோ ஏற்றும்போது இவற்றில் ஏதாவது தென்பட்டால் மங்கலாக்கட்டுமா என்று செயலி கேட்கும். "ஆம்" சொல்லுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

புரொபைலிலிருந்து நீக்கிய போட்டோ உடனே மறையும், 7 நாளுக்குள் சர்வரிலிருந்து போகும். வேகத்துக்காக வேறு இடங்களில் வைத்திருக்கும் நகல்களும் இதே 7 நாளில் அழியும். சாட்டில் அனுப்பிய போட்டோ 14 நாளில் தானாக அழியும், சாட் மட்டும் இருக்கும். ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பியது, பார்த்து மூடியதும் அழிக்கப்படும். பார்க்காவிட்டால் 48 மணி நேரத்தில் போய்விடும்.

நீங்கள்தான் என்று உறுதிசெய்ய எடுக்கும் செல்ஃபியை 24 மணி நேரத்துக்கு மேல் வைப்பதில்லை. "சரிபார்க்கப்பட்டது" என்ற குறியும் தேதியும் மட்டும் மிஞ்சும். முகத்தின் அளவுகளைக் கணக்கிட்டு வைக்கும் கோப்பு எங்களிடம் கிடையாது. ஆதார் கேட்பதும் இல்லை.

அந்தரங்கப் படத்தை யாராவது அனுமதியின்றிப் பரப்பினால் புகார் வந்த 2 மணி நேரத்துக்குள் மற்றவர் பார்வையிலிருந்து எடுத்துவிடுவோம், இரவானாலும் ஞாயிறானாலும். படம் பூட்டிய இடத்தில் 180 நாள் ஆதாரமாக இருக்கும். அந்தப் படத்தின் கைரேகை போன்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, அதே படம் மறுபடி ஏறினால் தடுப்போம். சைபர் குற்றத்துக்கான 1930 எண்ணிலும் cybercrime.gov.in தளத்திலும் நீங்களே நேரடியாகப் புகார் கொடுக்கலாம், எங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

4. தூரம், இடம்

உங்கள் இருப்பிடத்தின் கடைசிப் புள்ளியை மட்டும் வைக்கிறோம், அடுத்தது வந்ததும் பழையது போய்விடும். வரலாறு சேராது. மற்றவருக்கு "10 கிலோமீட்டருக்குள்", "10 முதல் 25 வரை" என்று பட்டையாகவே காட்டுவோம். மூன்று இடங்களில் நின்று சரியான தூரத்தைப் பார்த்தால் ஒருவர் வீட்டையே குறித்துவிடலாம், அதனால்தான்.

5. கணக்கை நீக்கினால்

போனிலிருந்து செயலியை எடுத்துவிட்டால் கணக்கு நீங்காது. நிச்சயதார்த்தத்துக்கு முன் செயலியை மட்டும் தூக்கிவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களின் புரொபைல் ஊரில் மற்றவர்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அமைப்பு, கணக்கு, "கணக்கை நீக்கு" என்ற வழியில் போக வேண்டும். போன் தொலைந்துவிட்டாலும் விற்றுவிட்டாலும், உங்கள் எண்ணுக்கு வரும் குறியீட்டை வைத்து வேறு போனிலிருந்தும் நீக்கலாம். 180 நாள் செயலியைத் திறக்காத கணக்கை நாங்களே மற்றவர் பார்வையிலிருந்து மறைப்போம், 12 மாதம் ஆனால் 48 மணி நேரம் முன்பே தெரிவித்துவிட்டு நீக்குவோம்.

நீக்க அழுத்தியதும் புரொபைல் மறையும். மனம் மாறினால் 7 நாளுக்குள் திரும்பி வரலாம். காத்திருக்க விருப்பமில்லையா, "இப்போதே அழி" என்ற பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது. ஏன் போகிறீர்கள் என்று கேட்கமாட்டோம். கட்டணமும் இல்லை. 2015ல் ஆஷ்லி மேடிசன் என்ற வெளிநாட்டுத் தளத்தின் தகவல் திருடு போனபோது, முழுதாக அழிக்க 19 டாலர் கட்டியவர்களின் விவரமும் அதில் இருந்தது. அழித்தல் என்பது விற்கும் சேவை அல்ல.

அதன்பின் 30 நாளுக்குள் புரொபைல், போட்டோ, விருப்பங்கள், இருப்பிடம் எல்லாம் அழியும். நீங்கள் பேசியவர்களின் சாட்டில் உங்கள் பெயர் "வெளியேறியவர்" ஆகும், படம் போய்விடும், மெசேஜ்கள் 30 நாளில் மறையும். பேக்கப் 35 நாளுக்கு ஒருமுறை சுழலும். அந்தச் சுழற்சி முடியும்வரை பேக்கப்பில் நகல் இருக்கும், ஆனால் எதற்கும் பயன்படாது. பேக்கப்பிலிருந்து சர்வரை மீட்க நேர்ந்தால், நீக்கியவர்களின் பட்டியலை முதலில் ஓடவிட்டு மீண்டும் அழித்த பிறகே செயலியைத் திறப்போம்.

புகாருக்காக மேலே சொன்னபடி எடுத்து வைத்தவை தவிர, மிஞ்சுவது இவைதான்.

பதிவு செய்தபோது கொடுத்த பெயர், பிறந்த தேதி, போன் எண், சேர்ந்த நாள்: 180 நாள். கணக்கை நீக்கிய பிறகும் இதை வைக்கச் சொல்கிறது 2021 விதி. தனிப் பூட்டில் இருக்கும், இருவர் சேர்ந்தால்தான் திறக்கும்.

சர்வரின் லாக் பதிவுகள், ஐபி முகவரி உட்பட: 180 நாள், இந்தியாவுக்குள். செர்ட்-இன் உத்தரவு. இதில் மெசேஜின் உள்ளடக்கம் கிடையாது.

கட்டணம் செலுத்திய பதிவு: ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த ஆண்டுக்கான ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் கெடுவிலிருந்து 72 மாதம். உங்கள் வங்கி ரசீதில் செயலியின் பெயர் வராது, நிறுவனத்தின் பதிவுப் பெயரே வரும்.

தொல்லை கொடுத்து வெளியேற்றப்பட்டவரின் எண்: 3 ஆண்டு, மறைகுறியாக. வெறும் பத்து இலக்க எண்ணை மறைகுறியாக்கினால் எல்லா எண்களையும் போட்டுப் பார்த்து உடைத்துவிடலாம். ஆகவே இதற்கு ரகசியச் சாவி சேர்த்து, சாவியை வேறு இடத்தில் வைத்திருக்கிறோம். அந்த எண் வேறொருவர் கைக்கு மாறியிருந்தால் அவர் எழுதலாம், சரிபார்த்து நீக்குவோம்.

6. யார் கேட்டாலும்

வீட்டார், கணவர், மனைவி, விடுதிக் காப்பாளர், கம்பெனி மேலாளர், சங்கத்துக்காரர் என யார் கேட்டாலும் ஒருவர் இங்கே கணக்கு வைத்திருக்கிறாரா இல்லையா என்றுகூடச் சொல்ல மாட்டோம். "அவள் உயிருக்கு ஆபத்து" என்று போனில் அழுதாலும் பதில் ஒன்றுதான்: அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போங்கள். வயது வந்த இருவர் விருப்பத்தில் குடும்பமோ ஊர்ப் பஞ்சாயத்தோ தலையிட உரிமையில்லை என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சக்தி வாஹினி வழக்கில் சொன்னதையே நாங்கள் பின்பற்றுகிறோம்.

காவல்துறைக்கு, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு போன்ற சட்டப் பிரிவைக் குறித்த எழுத்து உத்தரவு இருந்தால், அதில் கேட்டதை மட்டும் கொடுப்போம். வாட்ஸ்அப்பில் வந்தால் ஏற்க மாட்டோம். உத்தரவு தடை செய்யாத பட்சத்தில் உங்களுக்கும் தெரிவிப்போம்.

7. மற்றவை

18 வயதுக்குக் கீழ் என்று தெரிந்தால் கணக்கை உடனே மூடி, சட்டம் வைக்கச் சொல்லும் பதிவைத் தவிர மற்றதை 72 மணி நேரத்தில் அழிப்போம். நீங்கள் இறந்தாலோ செயலிழந்தாலோ கணக்கை நீக்கச் சொல்ல ஒருவரை நியமிக்கலாம். அவர் நீக்கச் சொல்லலாம், சாட்டைப் படிக்க முடியாது. தகவல் திருடு போனால் செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள்ளும், உங்களுக்கு என்ன போனது என்ற விவரத்தோடு தாமதமின்றியும் சொல்வோம்.

8. குறை சொல்ல, விதி மாற

செயலியின் "உதவி" பக்கத்தில் குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் எண்ணும் உள்ளன. 24 மணி நேரத்தில் கிடைத்தது என்று பதில் வரும், 7 நாளில் முடிவு வரும். சத்துவாச்சாரி அலுவலகத்துக்கு நேரிலும் வரலாம், வெளியில் செயலியின் பெயர்ப்பலகை இல்லை.

2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தகவல் பாதுகாப்பு விதிகளில், தகவலையும் லாக் பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைக்கச் சொல்லும் பகுதி 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகிறது. அப்போது மேலே உள்ள சில கெடுக்கள் நீளலாம். எது, எவ்வளவு என்று 30 நாள் முன்பே செயலிக்குள் அறிவிப்போம். ஏற்க விருப்பமில்லாதவர் அதற்குள் கணக்கை நீக்கினால், அழிப்பு இந்த ஆவணத்தின் கெடுக்களின்படியே தொடங்கும்.