செவிச்செல்வம் மையத்தின் 2ஆவது கிளை ஜூன் 12 அன்று திறப்பு

செய்திக்குறிப்பு
உடனடி வெளியீட்டுக்கு
நாள்: 8 ஜூன் 2026

செவிச்செல்வம் செவித்திறன் மையத்தின் இரண்டாவது கிளை, வரும் ஜூன் 12, வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு, ரயில் நிலையச் சாலை 14ஆம் எண் கட்டடத்தின் தரைத்தளத்தில் திறக்கப்படுகிறது. கேட்டல் பரிசோதனை, காது கேட்கும் கருவி பொருத்துதல், பழுதுபார்த்தல், கருவியைக் காதில் பொருத்தி வைக்கும் காது அச்சு தயாரித்தல் ஆகிய எல்லாம் இங்கேயே நடக்கும். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை கிளை இயங்கும். ஜூன் 18 வரை பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் முன்பதிவு கட்டாயம். இரு கிளைகளிலும் நேரில் வந்து பதிவு செய்யலாம்.

மருத்துவக் கல்லூரி சாலையில் உள்ள முதல் மையம் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இல்லை. அங்கு வருவோரில் பெரும்பாலானோர் முதியவர்கள். படியேற முடியாமல் கீழேயே நின்றுவிட்டு, கருவியை மட்டும் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவோரும் உண்டு. கருவி மட்டும் வந்தால் அதைச் சுத்தம் செய்து தரலாம். கேட்கும் காது எதிரில் இல்லாமல் ஒலி அளவைச் சரிசெய்ய முடியாது. புதிய கிளைக்குத் தரைத்தளத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே முதல் காரணம். வாசலில் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளமும் உண்டு.

ரயில் நிலையத்துக்கு அருகில் செவிப் பரிசோதனையா என்ற கேள்வி எங்களுக்குள்ளேயே எழுந்தது. பரிசோதனையில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மெல்ல மெல்லக் குறைத்து, ஒருவருக்குக் கேட்கும் மிகச் சிறிய அளவைக் கண்டறிகிறோம். ரயிலும் லாரியும் எழுப்பும் இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்களில் கூடுதலாக இருக்கும். அது அறைக்குள் கசிந்தால் தாழ்ந்த ஒலிகள் அதில் மறைந்து, நன்றாகக் கேட்பவருக்கும் குறைபாடு இருப்பதாக, பரிசோதனை முடிவைக் காட்டும் வரைபடமான ஆடியோகிராம் காட்டிவிடும். எனவே பரிசோதனை அறை சாலையை விட்டு விலகி, கட்டடத்தின் பின்பக்கத்தில் இரட்டைச் சுவர்களோடு அமைந்துள்ளது. தரை அதிர்வு ஏறாதபடி ரப்பர் திண்டுகளின் மேல் நிற்கிறது.

காது அச்சுக்கூடம் இந்தக் கிளைக்குப் புதிது. இதுவரை அளவெடுத்து வெளியூருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டியிருந்தது. இனி அளவெடுப்பதும் வார்ப்பதும் ஒரே கூரையின் கீழ். முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, அழுக்கோ புண்ணோ இல்லை என்று உறுதிசெய்வார்கள். பிறகு செவிப்பறைக்கு முன்னே நூல் கட்டிய சிறு பஞ்சுத் தடுப்பை வைத்து, சிலிக்கோன் பசையை நிரப்புவார்கள். சில நிமிடங்களில் அது இறுகியதும் காதின் வளைவு நெளிவெல்லாம் பதிந்தபடி வெளியே வரும். அச்சு தளர்ந்தால் ஒலி கசிந்து, கருவி விசில் அடிக்கும். வளரும் குழந்தைகளின் காது வேகமாகப் பெரிதாவதால் அவர்களுக்கு அச்சை அடிக்கடி மாற்ற வேண்டும். அதற்காகப் பள்ளி நாட்களைத் தவறவிடும் அந்தக் குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் நினைத்தே இந்த வசதி.

“கருவி வாங்கிய முதல் மாதத்திலேயே அதை இழுப்பறையில் போட்டுவிடுவோர் நிறைய. பாத்திரம் உரசும் சத்தம்கூட எரிச்சலூட்டுகிறது என்பார்கள். மூளைக்குப் பழக நாள் பிடிக்கும். அந்த நாட்களில் இரண்டு மூன்று முறை வந்து போனால் அளவைச் சரிசெய்து கொடுத்துவிடலாம்” என்கிறார் கிளையின் தலைமை ஆடியாலஜிஸ்ட். பொருத்திய பிறகான இந்தச் சந்திப்புகளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

திறப்பு விழாவையொட்டிக் கருவிகளுக்குத் தள்ளுபடி எதுவும் அறிவிக்கவில்லை. எந்தக் கருவி என்பதை ஆடியோகிராம்தான் சொல்ல வேண்டும், சலுகைப் பலகை அல்ல. ஒலிபெருக்கியும் வைக்கவில்லை, காது மையத்தின் வாசலில் அது பொருந்தாது.

ஒரு முக்கிய வேண்டுகோள்: திடீரெனக் காது கேட்காமல் போனாலோ, வலியோ சீழோ இருந்தாலோ இலவசப் பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீர்க் கேளாமைக்குச் சிகிச்சை தாமதமானால் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பும் குறையும்.

2050க்குள் உலகில் ஏறத்தாழ 250 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் கேட்டல் குறைபாடு இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை கணித்துள்ளது.

செய்தியாளர்கள் பரிசோதனை அறையையும் அச்சுக்கூடத்தையும் ஜூன் 11, வியாழன் மாலை 4 மணிக்குப் பார்வையிடலாம். படம் எடுக்கத் தடையில்லை. பரிசோதனைக்கு வந்திருப்போரைப் படமெடுக்க அவர்களின் ஒப்புதல் வேண்டும். விவரங்களுக்குக் கிளை மேலாளரை அதே முகவரியில் அணுகலாம்.