பொருள்: திங்கட்கிழமை சந்திப்போம் – முதல் நாள், சந்திக்கப்போகிறவர்கள், முதல் வாரம்

அன்புள்ள நித்யா,

வணக்கம். 15 ஜூன், திங்கட்கிழமை நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் உதவிக் குழுவில் சேருகிறீர்கள். பணி நியமனக் கடிதத்தில் இருக்கும் சம்பளம், விதிமுறை விஷயங்களை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. அன்று எங்கே வர வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், முதல் ஐந்து நாட்களில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது மட்டும்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், ஞாயிறு மாலை ஒருமுறை மறுபடி புரட்டினால் போதும்.

முதல் நாள்

நியமனக் கடிதத்தில் 9.30 என்று இருக்கும். திங்கள் மட்டும் 10.30-க்கு வாருங்கள். வாரத்தின் முதல் ஒரு மணி நேரம் எங்களுக்குப் போன் ஓயாது. அந்த நேரத்தில் வந்தால் உங்களை வரவேற்க ஆள் இருக்காது, பாவம் நீங்கள்தான் நின்றுகொண்டிருப்பீர்கள்.

முன்வாசல் காவலர் மேசையில் உங்கள் பெயர் எழுதி வைத்திருக்கும். அடையாள அட்டையைக் காட்டினால் அன்றைக்கு ஒரு தற்காலிக பாஸ் கொடுப்பார்கள். நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. அந்த பாஸ் லிஃப்டில் வேலை செய்யாது, அதனால் பொத்தானை அழுத்திப் பார்த்துக் குழம்ப வேண்டாம். காவலர் என்னைக் கூப்பிடுவார், நானே கீழே வந்து அழைத்துப் போகிறேன்.

கொண்டுவர வேண்டியவை: அரசு அடையாள அட்டை, கல்விச் சான்றிதழ்கள், முந்தைய வேலையின் விடுவிப்புக் கடிதம் ஆகியவற்றின் அசலும் ஒரு நகலும், சம்பளம் போட வேண்டிய வங்கிக் கணக்கின் விவரம், இரண்டு பாஸ்போர்ட் அளவு படங்கள். அசலைச் சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுவார்கள். விடுவிப்புக் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை என்றால் அதற்காகச் சேரும் நாளைத் தள்ளிப்போட வேண்டாம், எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

லேப்டாப், ஹெட்செட் இரண்டும் உங்கள் மேசையில் இருக்கும். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், முதல் நாள் முழுக்க பாஸ்வேர்ட் வராமல், சுவரில் இருந்த தீயணைப்பு வரைபடத்தை மனப்பாடம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால் உங்கள் கணக்குகளுக்கான கோரிக்கையை இரண்டு வாரம் முன்பே போட்டுவிட்டேன். முதல்முறை உள்ளே நுழைந்ததும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு உங்கள் போனில் ஒரு செயலி போட வேண்டியிருக்கும். சொந்தப் போனில் அலுவலகச் செயலி வேண்டாம் என்று நினைத்தால் தயங்காமல் சொல்லுங்கள், அதற்குத் தனியாக ஒரு சிறு கருவி தருகிறோம்.

மதியம் ஒரு மணிக்குக் குழுவாகத்தான் சாப்பிட உட்காருவோம். அன்று மாலை ஐந்துக்கே உங்களை விட்டுவிடுவேன். செவ்வாயிலிருந்து 9.30 முதல் 6.30 வரை.

யார் யார்

முதல் நாளே பத்துப் பதினைந்து பேரை அறிமுகம் செய்துவைத்தால் ஒரு பெயரும் தங்காது. இந்த வாரத்துக்கு நான்கு பேர் போதும்.

பர்வீன்: உங்களுக்கு வலதுபக்க இருக்கை. ஆறு வருடமாக இந்தக் குழுவில் இருக்கிறார். முதல் மாதம் உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் முதல் ஆள். அதற்காகவே அவருடைய வேலையில் ஒரு பகுதியைக் குறைத்திருக்கிறேன். எனவே ‘தொந்தரவு செய்கிறோமோ’ என்ற யோசனை வேண்டாம். போனில் கத்துகிற வாடிக்கையாளரிடம் அவர் குரல் எப்படி இன்னும் மெதுவாகிறது என்று கவனியுங்கள். எனக்கு இன்றுவரை அது வரவில்லை.

செல்வி, ஹெச்.ஆர். திங்கள் 11 மணிக்கு அரை மணி நேரம், ஆவணங்களுக்காக. விடுப்பு, காப்பீடு பற்றிய கேள்விகளை அவரிடமே கேட்டுவிடுங்கள். என்னிடம் கேட்டால் நானும் அவரிடம்தான் போய் நிற்பேன்.

முருகேசன், கணினிப் பிரிவு. இங்கே யாரும் சார், மேடம் போடுவதில்லை, பெயர் சொல்லியே கூப்பிடலாம். ஆனால் அவரை மட்டும் எல்லோருக்கும் ‘அண்ணன்’ என்றுதான் வாயில் வரும்.

ஜெரால்டு, மென்பொருள் பக்கம். நாம் அனுப்பும் பிழைகளைப் பார்ப்பவர். புதனன்று மாலை அவரோடு இருபது நிமிடம். முகம் கொஞ்சம் கடுகடுவென்று இருக்கும், அது உங்களுக்கானது அல்ல, திரைக்கானது.

முதல் வாரம்

சரி, இனி முக்கியமான பகுதி. முதல் வாரத்தில் நீங்கள் தனியாக ஒரு போனும் எடுக்கப் போவதில்லை. அது மூன்றாவது வாரத்தில்தான். செவ்வாயும் புதனும் இரண்டாவது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பர்வீன் பேசுவதைக் கேட்கிறீர்கள். வியாழன், முடிந்துபோன இருபது பழைய டிக்கெட்டுகளைத் தருவேன். பதிலைப் பார்க்காமல், நீங்களாக இருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள் என்று எழுதிவிட்டு அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளி, உண்மையான மூன்று டிக்கெட்டுகளுக்குப் பதில். பர்வீன் படித்த பிறகே அது வெளியே போகும்.

எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். நம் மென்பொருள் சிறு கிளினிக்குகளுக்கு பில் போடுவது என்பது உங்களுக்குத் தெரியும். ‘பில் ரெண்டு தடவை வருது’ என்று ஒரு டிக்கெட் வரும். அச்சு இரண்டு தாள் வருகிறதா? இல்லை, கணக்கில் ஒரே தொகை இரண்டு முறை ஏறியிருக்கிறதா? முதலாவது பிரிண்டர் அமைப்பு, இரண்டு நிமிட வேலை. இரண்டாவது என்றால் ஒரு நோயாளி இரட்டிப்பாகப் பணம் கட்டியிருக்கலாம், உடனே ஜெரால்டிடம் போக வேண்டும். எழுதியிருப்பது என்னவோ அதே நான்கு வார்த்தைதான். ‘அன்றைய வசூல் பக்கத்தில் அந்த நோயாளியின் பெயர் எத்தனை முறை இருக்கிறது?’ என்று பர்வீன் கேட்பார், விஷயம் பிரிந்துவிடும். இப்படிப்பட்ட கேள்விகள் காதில் விழும்போது குறித்துக்கொள்ளுங்கள். பதில்களை எங்கள் குறிப்புத் தொகுப்பில் தேடி எடுக்கலாம், கேள்விகள் அதில் சரியாக எழுதப்படவில்லை.

அந்த நோட்டில் இன்னொரு பக்கம் ஒதுக்குங்கள்: ‘இது ஏன் இப்படி?’ என்று உங்களுக்குத் தோன்றுபவை. எங்களுக்கெல்லாம் கண் பழகிவிட்டது. வெள்ளி மாலை நான்கு மணிக்கு நாம் இருவரும் அரை மணி நேரம் உட்காருவோம். அந்தப் பக்கத்தை மட்டும் கொண்டுவாருங்கள். இந்த வாரம் நான் உங்களிடம் உண்மையில் எதிர்பார்ப்பது அதைத்தான், வேகத்தை அல்ல.

ஒன்றில் மாட்டிக்கொண்டால் இருபது நிமிடம் முயன்று பாருங்கள், அதற்கு மேல் தனியாகப் போராட வேண்டாம்.

ஒரே ஒரு விதியில் மட்டும் தளர்வு கிடையாது. திரையில் தெரிவது நோயாளிகளின் விவரம். அதைச் சொந்தப் போனில் படம் எடுப்பதோ, வேறு எங்கும் நகலெடுப்பதோ, ‘எனக்கே அனுப்பிக்கொள்கிறேன்’ என்பதோ கூடாது. தவறுதலாக நடந்துவிட்டால் அந்த நிமிடமே என்னிடம் சொல்லுங்கள். சொன்னதற்காக யாரும் திட்ட மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் இந்த மின்னஞ்சலுக்கே பதிலாக இரண்டு விஷயம் எழுதுங்கள்: அடையாள அட்டையில் உங்கள் பெயர் எப்படி வர வேண்டும், முன்னெழுத்து முன்னாலா பின்னாலா? அப்புறம், இருக்கை, திரை, கேட்கும் ஒலி இவற்றில் உங்களுக்கு ஏதாவது தனித் தேவை உண்டா?

திங்கள் 10.30-க்குக் கீழே பார்க்கிறேன்.

அன்புடன்,
கதிரவன்
வாடிக்கையாளர் உதவிக் குழுத் தலைவர்