பேனல் பெட்டி லைன்: வேல்யூ ஸ்ட்ரீம் மேப்பும் அது காட்டியதும்

முதலாளிக்கும் சூப்பர்வைசர்களுக்கும்,

இரண்டாவது வெல்டிங் மெஷின் வாங்குவதா என்று முடிவெடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஷீட்டிலிருந்து டிஸ்பேட்ச் வரை வேலையும் காத்திருப்பும் எங்கே என்று காட்டுவதுதான் இந்த மேப். எல்லா ஜாப்பையும் ஒரே மேப்பில் திணித்தால் ஒன்றும் புரியாது என்பதால், அதிகம் ஓடும் பேனல் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டேன். டிஸ்பேட்ச் கதவிலிருந்து பின்னோக்கி நடந்து, வழியில் கிடந்த பெட்டிகளையெல்லாம் எண்ணினேன். கம்ப்யூட்டரில் இருக்கும் ஸ்டாக் கணக்கைப் பார்க்கவில்லை.

மாதம் 400 பெட்டி, 25 வேலை நாள். அதாவது நாளுக்கு 16. ஷிஃப்டில் இடைவேளை போக 450 நிமிடம். 450-ஐ 16-ஆல் வகுத்தால் டாக்ட் டைம், அதாவது ஒரு பெட்டி முடிந்து அடுத்தது முடிய இருக்கும் நேரம், சுமார் 28 நிமிடம். கிடக்கும் பெட்டிகளை 16-ஆல் வகுத்தால் அந்த இடத்தில் எத்தனை நாள் காத்திருப்பு என்று வந்துவிடும்.

| இடம் | பெட்டி | நாள் |
|---|---|---|
| கட்டிங்குக்கு முன் (ஷீட்டாக) | 96 | 6 |
| பெண்டிங்குக்கு முன் | 80 | 5 |
| வெல்டிங்குக்கு முன் | 176 | 11 |
| கிரைண்டிங்குக்கு முன் | 24 | 1.5 |
| கோட்டிங் வண்டிக்காக | 64 | 4 |
| கோட்டிங் போடுபவரிடம் | 48 | 3 |
| கோட்டிங் முடிந்து, அசெம்பிளி–டிஸ்பேட்ச் | 40 | 2.5 |

மொத்தம் 33 நாள். ஒரு பெட்டியில் நம் ஆட்கள் கை வைக்கும் நேரமோ கட்டிங் 6, பெண்டிங் 9, வெல்டிங் 24, கிரைண்டிங் 12, அசெம்பிளி 14, ஆக 65 நிமிடம்தான். மீதியெல்லாம் காத்திருப்பு. இது ஒரு நாள் எண்ணிக்கை. கோட்டிங் வண்டி வாரம் ஒருமுறை வருவதால், எந்த நாளில் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த வரிசை மாறும். மற்றவை பெரிதாக மாறாது.

இந்த 33 நாளில் சேராதது ஒன்று உண்டு. ஆர்டர் வந்த தேதியையும் ஜாப் கார்டு பட்டறைக்குள் வந்த தேதியையும் பழைய கார்டுகளில் ஒப்பிட்டேன். டிராயிங்கில் ஏதோ ஒரு சந்தேகத்துக்குப் பதில் வரவேண்டும் என்று பெரும்பாலும் நான்கு நாள் ஆபீஸ் மேஜையிலேயே போகிறது. அதைத் தனியாகப் பேசலாம்.

வெல்டிங்குக்கு முன்னால் 11 நாள் என்றதும் வெல்டர் போதவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் 24 நிமிடம் டாக்ட் டைமுக்குள்ளேயே அடங்குகிறது. 16 பெட்டிக்கு 384 நிமிடம், அதற்கு மேல் 66 நிமிடம் மிச்சம். அப்புறம் ஏன் குவிகிறது? ரேக்கில் 176 பாடி இருந்தன. கதவும் பிராக்கெட்டும் சேர்ந்து முழு செட்டாக இருந்தவை 38 மட்டுமே. ஒரு பாடியின் பக்கத்தில் சாக்பீஸால் எழுதிய தேதி 19 நாள் பழையது. அதன் கதவு வரவேண்டிய ஷீட் இன்னும் லேசரில் ஏறவே இல்லை.

காரணம் கட்டிங்கில் இருக்கிறது. பாடி 2 மில்லிமீட்டர், கதவு 1.2 மில்லிமீட்டர். ஷீட் வீணாகாமல் இருக்க ஒரே தடிமனை ஒரேயடியாக 80 செட்டுக்கு வெட்டிவிட்டு, அடுத்த தடிமனைச் சில நாள் கழித்து எடுக்கிறோம். பெண்டிங்கிலும் டை மாற்ற 35 நிமிடம் ஆவதால் அதே 80 தொடர்கிறது. வெல்டர் கதவு தேடியும், பெண்டிங் பக்கம் போய்க் கேட்டும் அன்று மட்டும் 100 நிமிடம் போனது. மீதி 350 நிமிடத்தில் 14 பெட்டிதான் முடியும். ஓவர்டைம் இங்கேதான் பிறக்கிறது. இன்னொரு மெஷின் வாங்கினால், கதவு தேட இன்னொரு வெல்டர் கிளம்புவார். அவ்வளவுதான்.

அதனால் நான் கேட்பது, பாடி, கதவு, பிராக்கெட் மூன்றையும் 16 செட்டாக ஒரே நாளில் வெட்டி, ஒரே டிராலியில் ஏற்ற வேண்டும். முழு செட் இல்லாத டிராலி வெல்டிங் பக்கம் வரக்கூடாது. வெல்டிங்குக்கு முன் இரண்டு டிராலிக்கு மட்டும் தரையில் கோடு போடுவோம். கோடு நிரம்பிவிட்டால் பெண்டிங் வேறு ஜாப்புக்குப் போகட்டும்.

பெண்டிங் தாங்குமா என்று கேட்பீர்கள். 16 பெட்டிக்கு 144 நிமிடம், இரண்டு டை மாற்றத்துக்கு 70, மற்ற ஜாப்புகளுக்கு இப்போது போகும் 180, ஆக 394. இடம் இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். ஷீட் மிச்சம் கட்டாயம் கூடும். கட்டிங் சூப்பர்வைசர் அதைச் சொல்வார், சொல்வதில் நியாயமும் உண்டு. ஆறு வாரம் அந்த மிச்சத்தை எடை போட்டு எழுதிவைப்போம்.

கோட்டிங் வண்டி வாரம் இருமுறை வந்தால் சராசரி காத்திருப்பு ஒன்றரை நாளுக்கு வரும். பெண்டிங்குக்கு முன் 1 நாள், வெல்டிங்குக்கு முன் 2 நாள் என்று பிடித்தால் 33 நாள் 17.5 ஆகும். ரேக்கில் கிடக்கும் 138 அரைகுறை செட்டுகளின் கதவையும் பிராக்கெட்டையும் முதலில் வெட்டி முடித்தால்தான் புதிய முறையைத் தொடங்க முடியும். அதற்கான ஷீட் லிஸ்ட்டை ஸ்டோரில் கொடுத்துவிட்டேன்.