நேர்காணல் எந்த மொழியில்? தமிழில் பதில் சொல்லலாமா?

பொருள்: சனிக்கிழமை வீடியோ நேர்காணல், ஈ.டி.பி. ஷிஃப்ட் இன்சார்ஜ் வேலை: மொழி பற்றி ஒரு கேள்வி

வணக்கம் மேடம்,

நான் வாலாஜாபேட்டை குமரவேல். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு டேனரியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஷிஃப்ட் இன்சார்ஜ் தேவை என்று செவ்வாய்க்கிழமை சாயந்திரம் போன் செய்தீர்களே, அந்த ஆள். அன்றைக்கு நீங்கள் தமிழில் பேசினீர்கள், நானும் தமிழில் பேசினேன். அதனால் இதைக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. ராத்திரி உங்கள் மெயில் முழுக்க இங்கிலீஷில் வந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வரும் சனிக்கிழமை காலை 11 மணி நேர்காணல் எந்த மொழியில் நடக்கும்? கேள்வி இங்கிலீஷில் வந்தாலும் நான் தமிழில் பதில் சொன்னால் ஏற்றுக்கொள்வார்களா? எதிரே உட்காரப் போகிறவர்களில் தமிழ் தெரிந்தவர் ஒருவராவது இருப்பாரா? உங்களுக்கு நேரம் இல்லை என்றால் இதோடு நிறுத்திக்கொண்டு இந்த மூன்றுக்கு மட்டும் பதில் போட்டாலே போதும். மீதி, ஏன் கேட்கிறேன் என்பதற்காக எழுதுவது.

முதலில் என் பக்கத் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்களிடம் இருக்கும் ரெஸ்யூமேயில் மொழிகள் என்ற இடத்தில் இங்கிலீஷ் சரளமாகப் பேசுவேன் என்று இருக்கிறது. அது உண்மை இல்லை. முத்துக்கடையில் ஒரு பிரவுசிங் சென்டரில் டைப் அடித்தது. அந்தத் தம்பி யாருடைய பழைய ஃபைலிலோ என் பெயரைப் போட்டு, படிப்பை மாற்றி, வேலையை மாற்றி, அந்த வரியை மட்டும் அப்படியே விட்டுவிட்டான். நானும் கவனிக்காமல் ஒன்றரை வருடமாக அதையே எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். திருத்தியதை இந்த மெயிலோடு இணைத்திருக்கிறேன். பழையதை அவர்களுக்கு அனுப்பியிருந்தால் தயவுசெய்து இதை மறுபடி அனுப்பிவிடுங்கள்.

உள்ளபடி சொன்னால் நிலைமை இதுதான். இங்கிலீஷ் படிப்பேன்: பம்ப் மேனுவல், கெமிக்கல் டப்பா மேல் இருக்கும் எச்சரிக்கை, லேப் ரிப்போர்ட், மாசு கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து வரும் கடிதம் எல்லாம் படித்துப் புரிந்துகொள்வேன். லாக் புக் இங்கிலீஷில்தான் எழுதுகிறேன், ஒன்பது வருடமாக. சின்ன மெயில் எழுதுவேன், டிக்‌ஷனரி பக்கத்தில் இருந்தால். எதிரே ஒருவர் வேகமாகக் கேட்டால்தான் வாய் வராது. கேள்வியே பாதி காதில் விழாது.

போன வருடம் வேறொரு கம்பெனியின் வீடியோ இண்டர்வியூவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எடுத்த எடுப்பில் ஒருவர், ‘வாக் மீ த்ரூ யுவர் பிராசஸ்’ என்றார். ‘வாக்’ மட்டும் தெளிவாகக் கேட்டது. நடந்து காட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்து போனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். கீழே லுங்கி. இப்போது சிரிப்பாகத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு இருபது நிமிடம் அவர்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் ‘எஸ் சார்’ சொல்லிவிட்டு வந்தேன். ஈ.டி.பி. பற்றி அவர்களுக்கு நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வேலை கிடைக்காததில் வருத்தம் இல்லை. வேலை தெரியாதவன் என்று முடிவு கட்டியிருப்பார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

எனக்கு என்ன தெரியும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு மாதிரி எழுதுகிறேன். இந்த வேலைக்கு யார் கேட்டாலும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: நைட் ஷிஃப்டில் ஸ்லட்ஜ் செட்டில் ஆகாமல் கிளாரிஃபையரில் மேலே வழிந்து போகிறது, என்ன செய்வீர்கள்? சனிக்கிழமை இதைக் கேட்டால் நான் பேசப்போவது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

“மொதல்ல ஒரு லிட்டர் சிலிண்டர்ல ஏரேஷன் டேங்க் தண்ணி புடிச்சு அரை மணி நேரம் வெச்சுப் பாப்பேன் சார். தெனமும் 350ல நிக்கறது அன்னிக்கு 620ல நிக்குது, எம்.எல்.எஸ்.எஸ். 3400 இருக்குதுன்னா எஸ்.வி.ஐ. 182 வருது. நல்லா இருந்த நாள்ல 103தான். அப்போ ஸ்லட்ஜ் பல்க் ஆவுது. ஒடனே ஸ்லட்ஜை வெளிய தள்ள ஓட மாட்டேன். டி.ஓ. மீட்டரைப் போடுவேன். ரெண்டுக்குக் கீழ இருந்தா புளோயர் ஓடுதா, டிஃப்யூசர் அடச்சிக்கிச்சான்னு பாப்பேன். காத்து ஒழுங்கா வந்தும் டி.ஓ. ஏறலன்னா எங்கியோ சல்பைடு உள்ள வருது. லைமிங் டிரம்மை ராத்திரில ஒரேயடியா தெறந்து வுட்டிருப்பாங்க. சல்பைடு வந்தா அதுலயே வளர்ற நூல் மாதிரி பாக்டீரியா இருக்குது சார், அது வந்துச்சுன்னா ஸ்லட்ஜ் பஞ்சு மாதிரி ஆயிடும், கீழ எறங்காது. ஈக்வலைசேஷன் டேங்க்ல இருந்து ஃபீடைக் கொறச்சிட்டு, ரிட்டர்ன் ஸ்லட்ஜைக் கூட்டிட்டு, டேனரி சூப்பர்வைசருக்கு போன் போட்டு சுண்ணாம்புத் தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா வுடச் சொல்லுவேன். கேஸ் மீட்டர் இல்லாம கலெக்‌ஷன் டேங்க் கிட்ட யாரையும் வுட மாட்டேன். பிக்கிள் தண்ணி ஆசிட் சார். அதும் சுண்ணாம்புத் தண்ணியும் ஒண்ணாக் கலந்தா கேஸ் கெளம்பும். அழுகின முட்டை நாத்தம் நின்னுடுச்சுன்னா கேஸ் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, மூக்கு செத்துடுச்சுன்னு அர்த்தம்.”

மேடம், நீங்கள் கெமிக்கல் படித்தவராக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் இதில் எத்தனை இங்கிலீஷ் வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள். பொருளின் பெயரெல்லாம் இங்கிலீஷ். வினைச்சொல் மட்டும்தான் தமிழ். தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாத கெமிக்கல் இன்ஜினியர் கேட்டாலும் எஸ்.வி.ஐ., டி.ஓ., சல்பைடு, ரிட்டர்ன் ஸ்லட்ஜ் என்று வரிசையாக வருவதை வைத்தே நான் எந்த வழியில் போகிறேன் என்று பிடித்துக்கொள்வார். இதையே இங்கிலீஷில் சொல்லச் சொன்னால் என் வாயில் வருவது: ‘சார், ஸ்லட்ஜ் பிராப்ளம் சார். டி.ஓ. செக் சார். தென் ஓகே சார்.’ இரண்டையும் பேசுகிறவன் ஒரே ஆள்தான் என்று யார் நம்புவார்கள்?

சலுகையாக நான் இதைக் கேட்கவில்லை. இந்த வேலைக்கே இங்கிலீஷ் பேச்சு அவசியம் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தினமும் காலையில் ஹெட் ஆபீசுக்கு இங்கிலீஷில் போனில் ரிப்போர்ட் சொல்ல வேண்டும், வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வந்தால் கூடவே சுற்றிக் காட்ட வேண்டும் என்றால் அது நியாயமான தேவை. நான் இன்றைக்கு அதற்குத் தயார் இல்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய வேலை விவரத்தில் இருப்பது ஷிஃப்டைப் பார்த்துக்கொள்வது, டோசிங், ஆர்.ஓ., எவாப்பரேட்டர், லாக் புக், ஆட்களை மேய்ப்பது. இதில் பேச்சு என்பது ஆட்களிடம்தான். அங்கே இங்கிலீஷ் யாருக்கும் உதவாது.

இந்தி கேட்பார்களோ என்று ஒரு யோசனை இருக்கிறது, அதனால் அதையும் சொல்கிறேன். இப்போது என் ஷிஃப்டில் பாதிப் பேர் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள். ‘ஹட் ஜாவ்’, ‘வால்வ் பந்த் கரோ’, ‘அந்தர் மத் ஜாவ்’ என்கிற அளவுக்கு இந்தி பேசுவேன். சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஃபிட்டர், மேல்விஷாரத்துக்காரர், அவர் வீட்டில் உருது. வேலைக்கு அது போதும், நேர்காணலுக்குப் போதாது. 2015 ஜனவரியில் இதே சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நான் அப்போது டிப்ளமோ கடைசி வருடம். வேலைக்குச் சேர்ந்ததும் அந்த நான்கு வார்த்தை இந்தியை முதலில் கற்றுக்கொண்டது அதனால்தான்.

தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை என்றால் இரண்டு வழி எனக்குத் தோன்றுகிறது. அவர்களுடைய பிளான்டில் இருந்தே ஒரு லேப் ஆளோ மெயின்டனன்ஸ் ஆளோ பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்லலாம். வெளியாள் வேண்டாம், ‘ஸ்லட்ஜ்’ என்றால் சேறு என்று சொல்லிக் கெடுத்துவிடுவார். அது முடியாது என்றால் கேள்வியை வீடியோவிலேயே சாட்டில் டைப் செய்து போடச் சொல்லுங்கள். படித்துவிட்டால் எனக்குப் புரிந்துவிடும். பதிலை இங்கிலீஷ் வார்த்தைகளைக் கோத்து, பேப்பரில் ஃபுளோ டயகிராம் போட்டுக் காட்டிச் சொல்கிறேன். மெதுவாக வரும். பொறுத்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எழுத்துத் தேர்வு இருந்தால் இங்கிலீஷிலேயே இருக்கட்டும், அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

முழுக்க இங்கிலீஷில்தான் நடக்கும் என்று சொன்னாலும் நான் வருகிறேன். முன்னாடியே தெரிந்தால் மூன்று நாளில் பத்துக் கேள்விக்காவது எழுதி வைத்துப் பழகிக்கொள்வேன். போன தடவை மாதிரி எழுந்து நிற்க மாட்டேன்.

இந்த வாரம் எனக்கு நைட் ஷிஃப்ட், ராத்திரி 10லிருந்து காலை 6 வரை. உள்ளே போன் எடுத்துப்போக விடமாட்டார்கள். காலையில் வந்து தூங்கிவிடுவேன். மதியம் 2 மணிக்கு மேல் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன். மெயிலில் பதில் போட்டால் தமிழோ இங்கிலீஷோ எதுவானாலும் சரி, படித்துக்கொள்கிறேன். சனிக்கிழமை 11 மணி எனக்கு ஒத்துவருகிறது, ஷிஃப்ட் முடித்துக் குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
குமரவேல்
வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை மாவட்டம்

இணைப்பு: திருத்திய ரெஸ்யூமே. மொழிகள் என்ற இடத்தில் இப்போது இருப்பது: தமிழ் – பேச, படிக்க, எழுத. இங்கிலீஷ் – படிக்க, வேலைக்கு வேண்டிய அளவு எழுத. இந்தி – ஷிஃப்டில் ஆட்களிடம் பேசும் அளவு.